நிலவறைச் சுவருக்கு எத்தனை ரோல், எத்தனை வாளி? கசிவு கணக்கிலேயே தொடங்கலாம்

சுவரின் பரப்பளவு 105.6 சதுர மீட்டர். ஒரு ரோல் பிட்டுமென் மெம்பரேன் 10 சதுர மீட்டர். அப்படியென்றால் 11 ரோல் வாங்கினால் போதும், இல்லையா?

போதாது. அந்தச் சுவருக்கு 14 ரோல் வேண்டும்.

இடையில் இருக்கும் அந்த 3 ரோல் வீண் செலவு மாதிரிதான் தெரியும். கொட்டேஷனில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். ஆனால் நிலவறைக்குள் தண்ணீர் வருமா, வராதா என்பதைப் பெரும்பாலும் அந்த 3 ரோல்தான் முடிவு செய்கிறது.

வீட்டைப் புதுப்பித்துக் கட்டும்போது கீழே ஒரு பேஸ்மெண்ட் சேர்க்கலாம் என்று நினைக்கும் தரைவீட்டுக் குடும்பங்கள் உண்டு. குத்தகையாளர் நீட்டும் தாளில் 'வாட்டர்புரூஃபிங்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குள் என்ன கணக்கு ஒளிந்திருக்கிறது? ஒரு சுவரை எடுத்து, முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். களிமண் கலந்த இடங்களில் அது சீக்கிரம் வடியாது. நிலவறை கட்டுவதற்காகத் தோண்டி, சுவர் எழும்பியதும் மீண்டும் நிரப்பிய மண், பக்கத்து மண்ணைவிடத் தளர்வாக இருக்கும். அதனால் மழைநீர் சுவரை ஒட்டியே வந்து தேங்கும்.

தேங்கும் தண்ணீர் சும்மா நிற்காது, தள்ளும். தரை மட்டம்வரை நீர் நிறைந்துவிட்டால், 3 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் ஏறக்குறைய 3 டன் எடைக்குச் சமமான விசை அழுத்தும். மேலே போகப்போக அது குறையும். ஆக, சுவரின் அடிப்பகுதிதான் அதிகச் சோதனைக்கு உள்ளாகும் இடம்.

கான்கிரீட் பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் அதில் நுண்துளைகள் உண்டு. இறுகும்போது மெல்லிய வெடிப்புகளும் வரும். சுவரும் கீழ்த்தளமும் ஒரே நாளில் வார்க்கப்படுவதில்லை என்பதால் இரண்டும் சேரும் இடத்தில் ஓர் இணைப்புக்கோடு இருக்கும். தண்ணீர் தேடுவது இந்த இடங்களைத்தான்.

அதனால்தான் சுவரின் வெளிப்பக்கத்தில், மண் படும் பக்கத்தில், பிட்டுமென் பூசுகிறார்கள் அல்லது ஒட்டுகிறார்கள். பேச்சு வழக்கில் தார் என்போமே, அந்தக் கறுப்புப் பொருள்தான். வெளியே ஒட்டினால் தண்ணீரின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்து அமுக்கும். உள்பக்கத்தில் பூசினால் எதிர்மாறாக நடக்கும்: சுவருக்குள் நுழைந்த நீர் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி, கொப்புளம் கொப்புளமாக உரித்துவிடும். "உள்ளே இன்னொரு கோட்டு அடிச்சுட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், சாதாரண பிட்டுமென் பூச்சுக்கு அது பொருந்தாது.

பூச்சா, விரிப்பா?

பிட்டுமென் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, வாளியில் வரும் பூச்சு. ரப்பர் கலந்த பிட்டுமென் குழம்பைத் தூரிகையாலோ ரோலராலோ பல கோட்டுகளாக அடிப்பார்கள். இன்னொன்று, தொழிற்சாலையிலேயே சீரான தடிமனில் செய்து, பாய் போலச் சுருட்டி வரும் மெம்பரேன். அதன் அடிப்பக்கத்தை எரிவாயு டார்ச்சால் உருக்கி ஒட்டுவார்கள். தாளை உரித்து அப்படியே ஒட்டும் வகையும் உண்டு.

ஈரப்பதம் மட்டுமே இருக்கும் மண்ணுக்குப் பூச்சு போதுமானதாக இருக்கலாம். தண்ணீர் தேங்கி அழுத்தும் இடத்தில் மெம்பரேன்தான் நம்பகமானது. சுவரில் பின்னர் மெல்லிய வெடிப்பு வந்தாலும், 4 மில்லிமீட்டர் தடிமனும் நடுவே வலுவூட்டும் இழைகளும் கொண்ட விரிப்பு அதன் மேல் பாலம்போல் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் பூச்சுக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு.

இரண்டுக்கும் பலவீனம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. பூச்சுக்குப் பலவீனம் தடிமனில். மெம்பரேனுக்குப் பலவீனம் இணைப்பில். கணக்குப் போடும் முறையும் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் சுவரை அளப்போம்

நம் உதாரணத்தில், நிலவறையின் வெளிப்புற அளவு 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் சுற்றி வந்தால் 32 மீட்டர்.

இங்கேயே ஒரு தவறு நடக்கும். அறையின் உள் அளவை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். சுவர் 25 சென்டிமீட்டர் தடிமன் என்றால் உள்ளே 9.5 மீட்டருக்கு 5.5 மீட்டர்தான். சுற்றளவு 30 மீட்டராகச் சுருங்கிவிடும். விடுபட்ட அந்த 2 மீட்டர் தரையிலிருந்து அடிவரை நீளும் ஒரு முழுப் பட்டை. மெம்பரேன் ஒட்டுவது வெளியே. அதனால் அளக்க வேண்டியதும் வெளியே.

அடுத்து உயரம். மண்ணுக்குள் இருக்கும் சுவர் 3 மீட்டர். ஆனால் மெம்பரேன் அங்கேயே நின்றுவிடக் கூடாது. மேலே, தரை மட்டத்தைத் தாண்டி 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். இல்லையென்றால் மழையில் தெறிக்கும் நீர் மேல் விளிம்பின் பின்னால் புகுந்துவிடும். கீழே, நிலவறையின் கீழ்த்தளம் சுவரைவிடச் சற்று வெளியே நீண்டிருக்கும். அந்த விளிம்பின்மேல் 15 சென்டிமீட்டர் படுத்து, கீழ்த்தளத்தின் அடியிலிருந்து வரும் மெம்பரேனோடு சேர வேண்டும். சேராவிட்டால் சுவரும் தளமும் சந்திக்கும் அந்தக் கோடு திறந்தே கிடக்கும்.

3 + 0.15 + 0.15 = 3.3 மீட்டர். பரப்பளவு 32 × 3.3 = 105.6 சதுர மீட்டர்.

ரோல் கணக்கு: பரப்பளவை மறந்து, பட்டைகளை எண்ணுங்கள்

டார்ச்சால் ஒட்டும் மெம்பரேன் பொதுவாக 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளத்தில் வரும். அதைத் துண்டுகளாக வெட்டி, சுவரில் மேலிருந்து கீழாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார்கள். விளிம்போடு விளிம்பு முட்டி நின்றால் நடுவே தண்ணீர் போகும். அதனால் ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின்மேல் ஏறி உட்கார வேண்டும். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர், நீளவாக்கில் துண்டு போட்டால் 15 சென்டிமீட்டர் என்பது இந்த வகைக்கு வழக்கமான மேல்படிவு. நீங்கள் வாங்கும் பொருளுக்குச் சரியான அளவு தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும். உரித்து ஒட்டும் வகைக்கு அது வேறாக இருக்கலாம்.

ஆக, 1 மீட்டர் அகலப் பட்டை உண்மையில் மூடுவது 0.9 மீட்டர்தான்.

32 மீட்டரை 0.9-ஆல் வகுத்தால் 35.56. முக்கால் பட்டையோ அரைப் பட்டையோ ஒட்ட முடியாது. எனவே 36 பட்டைகள்.

ஒவ்வொரு பட்டையும் 3.3 மீட்டர் நீளம். 10 மீட்டர் ரோலிலிருந்து அப்படி 3 பட்டைகள் வரும். 10 சென்டிமீட்டர் மட்டும் மிச்சமாகும். 36 பட்டைகளுக்கு 12 ரோல்.

இன்னும் முடியவில்லை. சுவரின் நான்கு மூலைகளும், சுவரும் கீழ்த்தளமும் சேரும் கோடும் மெம்பரேன் மடங்கும் இடங்கள். மடங்கும் இடத்தில் அது இழுபடும், மெலியும். அதனால் அங்கே முழுப் பட்டை வருவதற்கு முன்பே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துணைப்பட்டை ஒட்டப்படும். அடிக்கோட்டில் அதற்கும் முன்னால் சிமெண்ட் கலவையால் ஒரு சிறு சரிவு வைப்பார்கள். 90 டிகிரியில் சட்டென மடங்காமல் மெம்பரேன் இரண்டு கட்டமாக வளையட்டும் என்பதற்காக.

அடிக்கோடு 32 மீட்டர். நான்கு துண்டுகளாக வரும் என்பதால் நான்கு மேல்படிவுகளுக்கு 60 சென்டிமீட்டர் சேர்த்து 32.6 மீட்டர். மூலைகள் நான்கு, ஒவ்வொன்றும் 3.3 மீட்டர்; மொத்தம் 13.2 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 45.8 மீட்டர் துணைப்பட்டை.

ஒரு ரோலை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் 30 மீட்டர்தான் கிடைக்கும். ஆகவே 2 ரோல். இரண்டாவது ரோலில் 6.6 மீட்டரை வெட்டினாலே மீதித் தேவை முடிந்துவிடும். குழாய்கள் சுவரைத் துளைத்து வரும் இடங்களில் வைத்து ஒட்டவும் ஒரு துண்டு மிஞ்சும். வெட்டாமல் எஞ்சும் 3.4 மீட்டர், வேலையின்போது ஒரு பட்டை கிழிந்துவிட்டால் மாற்றுவதற்கான கையிருப்பு.

12 + 2 = 14 ரோல். அதாவது 105.6 சதுர மீட்டர் சுவருக்கு 140 சதுர மீட்டர் மெம்பரேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

11 ரோல் மட்டும் வந்தால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. பொருள் குறைவாக வந்தால் சுவரில் ஒரு பகுதி ஒட்டாமல் வெறுமனே நிற்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படி நின்றால் நல்லது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடப்பது வேறு.

11 ரோலில் 33 பட்டைகள் வரும். 32 மீட்டர் சுவரில் 33 பட்டைகளைப் பரப்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 97 சென்டிமீட்டரை மூடியாக வேண்டும். மேல்படிவுக்கு மிஞ்சுவது 3 சென்டிமீட்டர். மூலைகளுக்குத் துணைப்பட்டை இல்லவே இல்லை.

வேலை முடிந்தபின் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்பாக, அழகாக இருக்கும். எந்தக் குறையும் தெரியாது. ஆனால் 10 சென்டிமீட்டர் மேல்படிவில் ஓர் இடம் சரியாக உருகாமல் போனாலும் மீதி ஒட்டியிருக்கும், தண்ணீர் நின்றுவிடும். 3 சென்டிமீட்டரில் அந்தப் பிழைக்கு இடமே இல்லை. டார்ச்சைப் பிடித்திருக்கும் ஊழியரின் கை ஒரு நொடி விலகினால் அங்கே ஒரு வாசல் திறந்துவிடும்.

அதன்பின் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. மெம்பரேனின் பின்னால் புகுந்த நீர், ஒட்டாத இடங்கள் வழியே சுவரோடு நகர்ந்து, கான்கிரீட்டில் முதலில் எங்கே வெடிப்பு கிடைக்கிறதோ அங்கே உள்ளே வரும். அறையின் வடக்கு மூலையில் ஈரம் தெரியும். ஓட்டை சில மீட்டர் தள்ளி இருக்கும். அதற்குள் மண் நிரப்பி, மேலே கார் நிறுத்தும் இடமும் போட்டிருப்பார்கள். 3 மீட்டர் தோண்டிப் பார்க்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். பிறகு உள்ளேயிருந்து சுவரைத் துளையிட்டு, வெடிப்புக்குள் பிசின் செலுத்தி அடைக்க வேண்டியதுதான். ஓரிடத்தை அடைத்தால் தண்ணீர் அடுத்த வெடிப்பைத் தேடிப் போவதும் உண்டு.

10 சென்டிமீட்டர் உயரம் கூடினால்?

பட்டை எண்ணும் முறையில் இன்னொரு பயன் உண்டு. அதே நிலவறையின் சுவர் 3.3 மீட்டருக்குப் பதிலாக 3.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 3 சதுர மீட்டர்தான் கூடுகிறது. ஆனால் 10 மீட்டர் ரோலிலிருந்து இப்போது 3 முழுப் பட்டைகள் வராது. 2 பட்டைகளும் 3.2 மீட்டர் நீளமுள்ள ஒரு குறைத்துண்டும்தான் வரும்.

முழுப் பட்டைகளாலேயே ஒட்ட வேண்டும் என்றால் 36 பட்டைகளுக்கு 18 ரோல் ஆகிவிடும். குறைத்துண்டுகளையும் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றிலும் 20 சென்டிமீட்டர் பற்றாக்குறை. மேல்படிவுக்கு 15 சேர்த்து 35 சென்டிமீட்டர் ஒட்டுத்துண்டு வேண்டும். அப்படி 12 துண்டுகள், மொத்தம் 4.2 மீட்டர். அது 13-வது ரோலிலிருந்து கிடைத்துவிடும்.

18-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் பணம் அல்ல. 13 ரோல் வழியில் சுவரில் 12 கிடைமட்ட இணைப்புகள் கூடுதலாக வருகின்றன. அந்த வழி தவறில்லை. ஆனால் அந்த ஒட்டுகளை அழுத்தம் குறைவான மேல்பகுதியில் வைக்க வேண்டும். பக்கத்துப் பட்டையின் ஒட்டும் இதுவும் ஒரே கோட்டில் சந்திக்காமல் ஏற்றி இறக்கி வைக்க வேண்டும். மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் படிய வேண்டும். கூரை ஓடு மாதிரி. மாறிப் படிந்தால் இறங்கி வரும் நீர் நேரே ஒட்டுக்குள் விழும். துணைப்பட்டைக்கான ரோல்கள் இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் வெளியே, தனிக்கணக்கு.

பூச்சு என்றால்: கோட்டு அல்ல, லிட்டர்

அதே 105.6 சதுர மீட்டர் சுவருக்குப் பூச்சுதான் என்று முடிவானால் கணக்கு மாறும். இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 1 சதுர மீட்டரில் 1 லிட்டரைச் சீராகப் பரப்பினால் அதன் தடிமன் 1 மில்லிமீட்டர்.

ஆனால் அது ஈரமாக இருக்கும்போது. பிட்டுமென் குழம்பில் தண்ணீரும் இருக்கிறது. காயும்போது அது ஆவியாகிப் போகும். பொருளின் தகவல் தாளில் திடப்பகுதி கன அளவில் 60 விழுக்காடு என்று இருந்தால், 1 மில்லிமீட்டர் ஈரப்பூச்சு காய்ந்தபின் 0.6 மில்லிமீட்டர்தான். காய்ந்த நிலையில் 1.2 மில்லிமீட்டர் வேண்டும் என்று தாள் சொன்னால், சதுர மீட்டருக்கு 2 லிட்டர் போக வேண்டும்.

105.6 × 2 = 211.2 லிட்டர். கான்கிரீட்டின் சொரசொரப்பு குடிப்பதற்கும், வாளியிலும் தூரிகையிலும் ஒட்டிக்கொள்வதற்கும் 10 விழுக்காடு சேர்த்தால் 232 லிட்டர். 20 லிட்டர் வாளி என்றால் 12 வாளி. முதலில் அடிக்கும் பிரைமர் தனி. அது சதுர மீட்டருக்குக் கால் லிட்டர் போனால் 26.4 லிட்டர், அதற்கு 2 வாளி.

இந்த 2 லிட்டரை ஒரே கோட்டில் அடிக்க முடியாது. சுவரில் தடிமனாக அடித்தால் வழிந்து கீழே இறங்கிவிடும். அதனால் மூன்று கோட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக அடிப்பார்கள். கோட்டுகளைப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு கோட்டிலும் ஊசித்துளைகள் விழும். முதல் கோட்டு மேலும் கீழுமாக, அடுத்தது இடமும் வலமுமாக அடித்தால் ஒன்றின் துளையை மற்றொன்று மூடும்.

இப்போது அந்தப் பழகிய வாக்கியத்துக்கு வருவோம்: "மூணு கோட்டு அடிச்சாச்சு." உண்மையாகவே மூன்று கோட்டு அடித்திருக்கலாம். ஆனால் காலியானது 6 வாளி மட்டும் என்றால் சேதாரம் போகச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 லிட்டர்தான் போயிருக்கிறது. காய்ந்தபின் 0.6 மில்லிமீட்டர், கேட்டதில் பாதி. தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து அடித்தாலும் இதே கதைதான். கோட்டுகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், தடிமன் இருக்காது.

எப்படிச் சரிபார்ப்பது?

எல்லாம் மண்ணுக்குள் போவதற்கு முன்பு பார்த்தால்தான் உண்டு. அதற்குப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

ஒட்டுவதற்கு முன் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் உள்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால் கான்கிரீட்டில் இன்னும் ஈரம் உண்டு. அதன்மேல் மெம்பரேன் ஒட்டினால் வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளம் எழுப்பும்.

டார்ச்சால் ஒட்டிய இணைப்பில், விளிம்போரம் உருகிய பிட்டுமென் மெல்லிய கோடாகப் பிதுங்கியிருக்க வேண்டும். பிதுங்கவில்லை என்றால் அங்கே சூடு போதவில்லை. இணைப்பு ஆறியபின் முனை மழுங்கிய கரண்டியை விளிம்போரம் அழுத்தி நகர்த்திப் பாருங்கள். எங்கேயாவது முனை உள்ளே நுழைந்தால் அது ஒட்டாத இடம். சுவரை விரல் முட்டியால் தட்டும்போது வெற்றொலி கேட்டால், பின்னால் காற்று இருக்கிறது.

பூச்சுக்கு நிறமே சாட்சி. பிட்டுமென் குழம்பு ஈரத்தில் பழுப்பாக இருக்கும், காய்ந்தால் கறுப்பாகும். பழுப்பு மாறுவதற்கு முன் அடுத்த கோட்டு அடித்தால் அடியில் நீர் சிக்கிக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதத்தில், காற்று ஓடாத குழிக்குள், வாளியில் எழுதியிருக்கும் நேரத்தைவிட அதிகம் காத்திருக்க வேண்டி வரலாம். காய்வதற்குள் மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வோர் குழிக்கு மேல் கூடாரமும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தடிமனுக்கு, சீப்பு வடிவில் ஒரு சிறிய அளவுகோல் இருக்கிறது. ஈரப்பூச்சில் குத்தி எடுத்தால் எந்தப் பல்வரை பூச்சு படிந்திருக்கிறது என்று காட்டும். அது கிடைக்கவில்லையா? காலி வாளிகளை எண்ணுங்கள். காலி ரோல் குழல்களையும் எண்ணுங்கள். இதைவிட எளிய சோதனை இல்லை.

கடைசியாக ஒன்று. மண் நிரப்பும் லாரி வருவதற்கு முன், மெம்பரேனுக்கு வெளியே பாதுகாப்புப் பலகை பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மண்ணோடு வரும் கல்லும் உடைந்த கான்கிரீட்டும் ஒரே உரசலில் 4 மில்லிமீட்டரைக் கிழித்துவிடும். மேல் விளிம்பை அலுமினியப் பட்டையால் சுவரோடு இறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் அமரும்போது மெம்பரேனையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

வெளியே நின்று ஒட்டுவதற்கு ஆள் நிற்கும் அளவு இடம் வேண்டும். பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும் தொடர் வீடுகளில் அது கிடைக்காது. அங்கே எஃகுத் தகடுகளையோ கான்கிரீட் தூண்களையோ வரிசையாக மண்ணில் இறக்கி, அதை ஒட்டியே சுவரை வார்ப்பார்கள். அப்போது மெம்பரேன் முதலில், கான்கிரீட் பிறகு. அதற்கென்றே, வார்க்கும் கான்கிரீட்டோடு பிணையும் வேறு வகை விரிப்பு இருக்கிறது. சாதாரண பிட்டுமென் ரோலை அங்கே தொங்கவிட்டு வார்த்தால் கான்கிரீட்டோடு பிணையாது.

இரண்டாவது எல்லை, மெம்பரேன் ஒன்றையே நம்புவது. நிலவறைகளுக்கான பிரிட்டிஷ் தரநிலை BS 8102, பாதுகாப்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது: வெளியே ஒட்டும் தடுப்பு, நீர் புகாதவாறு வடிவமைத்த கான்கிரீட், உள்ளே வந்த நீரைப் பிடித்து வெளியேற்றும் வடிகால். தண்ணீர் எப்போதும் உயரமாக நிற்கும் இடத்திலும், படுக்கையறையோ நூலகமோ போல ஈரமே ஆகாத அறைக்கும், இவற்றில் இரண்டைச் சேர்த்து வைப்பதுதான் பாதுகாப்பு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மண் ஆய்வு அறிக்கையைப் படித்த பொறியாளர்.

எந்த வகையாக இருந்தாலும், கொட்டேஷனில் 'வாட்டர்புரூஃபிங்' என்ற ஒற்றை வரியை அப்படியே விடாதீர்கள். மெம்பரேன் என்றால் எத்தனை பட்டை, எவ்வளவு மேல்படிவு, மூலைகளுக்கு எத்தனை ரோல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பூச்சு என்றால் எத்தனை கோட்டு என்பதோடு நிறுத்தாமல், சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 105.6-ஐ 10-ஆல் வகுத்து 11 என்று பதில் வந்தால், அந்தத் தாளின் ஓரத்திலேயே 36 பட்டைகளை நீங்கள் எழுதிக் காட்டலாம்.